முதல் முப்பரிமாண பிரிண்டர்: திறந்த சட்டமா, மூடிய பெட்டியா? வன்னியில் கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, முதல் மிசின் வாங்கப் போகிறேன். கையில் காசு குறைவு. திறந்ததா மூடியதா, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிஎல்ஏ, பெட்ஜி என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளோடு தொடங்குவதாக இருந்தால் திறந்த சட்டம் போதும். மிச்சப் பணத்தில் ஒரு யுபிஎஸ்ஸும் நல்ல பிலமென்ட்டும், அதாவது இயந்திரம் உருக்கும் பிளாஸ்டிக் கம்பிச் சுருளும், வாங்குங்கள். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் அடித்தே ஆக வேண்டும் என்ற வேலை கையில் இருந்தாலோ, சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைப்பதாக இருந்தாலோ மட்டும் மூடியதைப் பாருங்கள்.

கிளிநொச்சியில் தொலைபேசி, வானொலி திருத்தும் சிறு கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்னறையில் திறந்தது ஒன்றும் மூடியது ஒன்றுமாக இரண்டு எஃப்டிஎம் இயந்திரங்கள், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிப் படை படையாக அடுக்குபவை, ஓடுகின்றன. கீழே எழுதியிருப்பவை அந்த அறையிலும், என்னிடம் கேட்டு வாங்கியவர்களின் வீடுகளிலும் கண்டவை.

பெட்டி இருக்கிறது, இல்லை. இதைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசம் உண்டா?

மலிவான திறந்த இயந்திரங்களில் பெரும்பாலும் பொருள் உட்கார்ந்திருக்கும் தட்டே முன்னும் பின்னும் ஓடும். தலைப்பகுதி இடமும் வலமுமாக ஓடும், மேலே ஏறும். மூடியவற்றில் பெரும்பாலும் தட்டு மெல்லக் கீழே இறங்குவதோடு சரி. ஓட்டமெல்லாம் மேலே, இரண்டு பெல்ட்டுகள் சேர்ந்து இழுக்கும் தலைக்குத்தான். இந்த அமைப்பைக் கோர்எக்ஸ்ஒய் என்பார்கள். உயரமான, ஒல்லியான பொருளை அடிக்கும்போது இதன் நன்மை தெரியும். தட்டு ஆடாததால் பொருளும் ஆடாது.

பெட்டி வந்ததற்கான காரணம் வேறு. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். கீழ்ப் படை ஏற்கெனவே ஆறி இறுகியிருக்க, மேலே புதிதாக விழுந்த படை சுருங்கினால் அது கீழே இருப்பதை உள்நோக்கி இழுக்கும். இழுவை கூடினால் மூலைகள் காய்ந்த பனையோலை போல மேலே வளையும், அல்லது பக்கவாட்டில் படைகள் பிரிந்து வெடிக்கும். ஏபிஎஸ்ஸில் இந்தத் தொல்லை மிக அதிகம். சுற்றியுள்ள காற்றையும் சூடாக வைத்திருந்தால் எல்லாப் படைகளும் ஒன்றாக, மெதுவாக ஆறும். அதற்காகத்தான் பெட்டி. பிஎல்ஏ அவ்வளவு சுருங்காது. அதற்குச் சூடான காற்று தேவையில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. அடுத்த கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

மூடியது விலை கூடியது, அப்படியானால் எல்லாவற்றுக்கும் நல்லதுதானே?

பரந்தனில் எனக்குத் தம்பி முறையான ஒருவர் இப்படி நினைத்துத்தான் முதல் இயந்திரமாகவே மூடியதை வாங்கினார். சித்திரை மாதம். தச்சு வேலைக்காரர் ஒருவருக்காக அலுமாரிக் கைபிடிகள் எட்டை ஒரே தட்டில் வைத்து, பிஎல்ஏயில் அடிக்கத் தொடங்கினார். ஆறு மணி நேர வேலை. தூசி போகக்கூடாது என்று கதவையும் மேல்மூடியையும் இறுக்கமாகச் சாத்திவிட்டார்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மணி நேரத்தில் தலைக்குள்ளிருந்து "டக்… டக்…" என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். பிறகு கோடுகள் மெலிந்தன, பக்கங்களில் ஊசித் துளைகள் தெரிந்தன. கடைசியில் தலை வெறுங்காற்றில் ஓடிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் வரவில்லை. உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் நொசில் அடைத்துவிட்டது என்று நினைத்து மாற்றினார். மறுநாளும் அதே நேரத்தில் அதே சத்தம். இயந்திரம் பழுது, திருப்பி அனுப்பப் போகிறேன் என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

போய்ப் பார்த்தேன். நொசிலைச் சூடாக்கிப் பிலமென்ட்டை வெளியே இழுத்தபோது, அதன் நுனிக்குச் சற்று மேலே ஒரு நெல்மணி நீளத்துக்கு வீங்கியிருந்தது. நொசிலில் சிக்கிய குப்பை அப்படி ஒரு வீக்கத்தைத் தராது. பிலமென்ட் உருக வேண்டிய இடத்துக்கு முன்பே இளகியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சுவரில் தொங்கிய சாதாரண வெப்பமானியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தோம். அறையில் 34 பாகை, பெட்டிக்குள் 47.

நடப்பது இதுதான். நொசில் 210 பாகையில் இருக்கும். அதற்கு மேலே, விரல்கட்டை நீளம்கூட இல்லாத தூரத்தில், பிலமென்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுகிய பிலமென்ட்தான் ஒரு தண்டு போல உருகியதை முன்னே தள்ளும். அந்த இடத்தைக் குளிர வைக்க அலுமினியச் செட்டைகளும் ஒரு சிறு விசிறியும் உண்டு. ஆனால் விசிறி ஊதுவது பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான். பிஎல்ஏ 55 முதல் 60 பாகைக்குள் இளகத் தொடங்கும். 47 பாகைக் காற்றை ஊதி அதை 50க்குக் கீழே பிடித்து வைக்க அந்தச் சின்ன விசிறியால் முடியாது. பிலமென்ட் இளகி, வீங்கி, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தள்ளும் பல்சக்கரம் வழுக்கி "டக்" என்னும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். அவர்களுடைய அறை 20 பாகையில் தொடங்குகிறது. தட்டின் சூடு சேர்ந்து பத்துப் பதினைந்து பாகை ஏறினாலும் தாங்கும். நமக்குத் தொடக்கமே 34.

மருந்து எளிது. மேல்மூடியைக் கழற்றி வைத்தோம், கதவைத் திறந்து விட்டோம், தட்டின் சூட்டை முதல் படைக்கு 60 பாகை, அதற்கு மேல் 50 என்று, அடிக்கும் வேலையைத் தயார் செய்யும் ஸ்லைசர் மென்பொருளில் மாற்றினோம். எட்டுக் கைபிடிகளும் அன்றிரவே முடிந்தன. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து வைத்துத்தான் அவர் இன்றும் பிஎல்ஏ அடிக்கிறார்.

எங்கள் வீடு தகரக் கூரை. சீலிங் இல்லை. திறந்த மிசின் வெக்கையைத் தாங்குமா?

பிரிண்டர் தாங்கும். ஆனாலும் பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை நீண்ட வேலைகளைத் தவிர்த்துவிடுங்கள். நானே பங்குனி, சித்திரையில் பெரிய வேலைகளை மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறேன். பிலமென்ட் சுருளைக் கூரைக்கு அருகே அலுமாரி உச்சியில் வைக்காதீர்கள்.

சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் திறந்த மிசின் சரிவருமா? தூசி வேறு.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் அடிக்கும்போது யன்னலை நேரே பார்த்தபடி வைத்தால் சரிவராது. காற்று இரண்டு விதமாகக் கெடுக்கும். முதலாவது, மூலை தூக்குதல். காற்று வரும் பக்கத்து மூலைகள்தான் முதலில் கிளம்பும். எந்த மூலை தூக்குகிறது என்று பார்த்தாலே காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, நொசில் சூடு இறங்கிவிடுவது. சூடேற்றியும் வெப்பம் ஏறவில்லை என்றால் ஏதோ கழன்றுவிட்டது என்று கருதி, தீ ஆபத்தைத் தவிர்க்க இயந்திரம் தானாக நின்றுவிடும். புதியவர்கள் அதைப் பழுது என்று நினைப்பார்கள். மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் பல நேரங்களில் அந்தப் பழுது போய்விடும். நொசிலைச் சுற்றியிருக்கும் சிலிக்கன் உறையைக் கழற்றி வீசிவிடாதீர்கள். காற்றிலிருந்து காப்பது அதுதான்.

இதற்குப் பெட்டி தேவையில்லை, மறைப்பு போதும். அறையின் உள்மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தட்டு பின்னால் ஓட இடம் வேண்டும். காற்று வரும் பக்கம் ஒரு பலகையோ அட்டையோ நிறுத்தினால் போதும். மேலே திறந்தே இருக்கட்டும்.

தூசியைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு அது கொடுமையானதல்ல. கிறவல் வீதியோர வீடுகளில்கூட, வேலை முடிந்ததும் ஒரு பழைய சேலைத் துண்டால் மூடி வைத்தால் முக்கால் பங்கு தீர்ந்தது. பிலமென்ட் தலைக்குள் நுழையும் முன் ஒரு சிறு ஸ்பொஞ்சுத் துண்டுக்குள்ளால் போகும்படி கவ்வி விடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த ஸ்பொஞ்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் கோடு ஒன்று தெரியும். அது நொசிலுக்குள் போயிருக்க வேண்டியது.

தூசியைவிட எனக்குப் பல்லிதான் பயம். ஒரு மாரி இரவில் மின்வழங்கிப் பெட்டியின் விசிறித் துவாரத்துக்குள் சூடு தேடிப் போன ஒன்று, காலையில் ஆளியைப் போட்டதும் தானும் போய் மின்வழங்கியையும் கொண்டுபோய்விட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னபோது ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் துவாரங்களுக்கு நுளம்புவலைத் துண்டு ஒட்டுங்கள். மூடிய இயந்திரத்திலும் மின்பகுதிக்குப் பின்புறத்தில் துவாரங்கள் உண்டு, அங்கேயும் ஒட்டுங்கள்.

பிஎல்ஏ வெயிலில் வளையும் என்கிறார்கள். அப்படியானால் ஏபிஎஸ்தானே அடிக்க வேண்டும், அதற்குப் பெட்டி வேண்டும்தானே?

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியில்தான் பலர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். இடையில் பெட்ஜி என்று ஒன்று இருக்கிறது.

என் மோட்டார் சைக்கிளுக்குத் தொலைபேசி தாங்கி ஒன்று அடித்தேன். முதலில் கறுப்புப் பிஎல்ஏ. மூன்று மணி நேரம் எடுத்தது, 50 கிராம் அளவில் போனது. பார்க்க அழகாக இருந்தது. கிளிநொச்சிச் சந்தைக்கு வெளியே நண்பகலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், தாங்கியின் இரண்டு கைகளும் வாடிய வாழையிலை போலத் தொங்கின. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் 60 பாகையைத் தொடுவது இங்கே அதிசயமில்லை. பிஎல்ஏக்கு அதற்கு மேல் உயிரில்லை.

அடுத்ததைப் பெட்ஜியில் அடித்தேன். அது இளகத் தொடங்குவது ஏறத்தாழ 80 பாகையில். நொசில் 240, தட்டு 75, பொருளை ஆற்றும் விசிறி பாதி வேகம். நிறம் வெள்ளை, ஏனென்றால் அதே வெயிலில் வெள்ளை குறைவாகவே சூடேறும். இன்னொரு மாற்றமும் செய்தேன், அது பிளாஸ்டிக்கைப் போலவே முக்கியமானது. முதல் தாங்கியை நிமிர்த்தி வைத்து அடித்திருந்தேன். கைகளில் படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன, விறகு நார் வழியே பிளப்பது போல அந்த வழியே உடையும். இரண்டாவதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வெளிச்சுவர் நான்கு சுற்று என்று வைத்தேன். இப்போது இழுவை படைகளுக்குக் குறுக்கே போகாமல் நீளவாக்கில் போகிறது. அந்தத் தாங்கி மாங்குளம் வரை பள்ளம் திட்டிகளில் குலுங்கிப் போய்வந்து, ஒரு கோடையையும் கடந்துவிட்டது. திறந்த இயந்திரத்தில் அடித்தது.

பெட்ஜி கண்ணாடித் தட்டிலும் வழுவழுப்பான தட்டிலும் அளவுக்கு மீறி ஒட்டித் தட்டின் மேற்பரப்பையே பிய்த்துவிடும். சொரசொரப்பான உருக்குத் தகட்டைப் பயன்படுத்துங்கள், ஆறியபின் வளைத்துக் கழற்றுங்கள்.

பெட்ஜியும் போதாத இடங்கள் உண்டு. வெயிலில் பூட்டி நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டு, தண்ணீர்ப் பம்பியின் இயந்திரத்துக்கு அருகே உள்ள மூடி போன்றவை. ஏபிஎஸ் 100 பாகைக்கு மேல் தாங்கும், ஏஎஸ்ஏ கிட்டத்தட்ட அப்படியே, வெயிலில் நிறம் மங்குவதும் குறைவு. இப்படியான வேலை உங்களுக்கு மாதத்தில் எத்தனை வரும்? என் கடையில் இரண்டு மூன்றுக்கு மேல் வருவதில்லை. புகைபோக்கிக் குழாயைத் தொடுகிற பாகம் என்றால் எந்தப் பிரிண்டரும் வேண்டாம், தகர வேலைக்காரரிடம் போங்கள்.

கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நம்பலாமா?

ஐந்து நிமிடத்தில் வந்தால் நம்பலாம். அரை மணி நேரம் போனால் பெரும்பாலும் நம்பமுடியாது. இயந்திரத்துக்கு இடம் நினைவிருக்கும், ஆனால் தட்டு ஆறிவிட்டால் பிஎல்ஏ தானாகவே தட்டை விட்டுக் கழன்றுகொள்ளும். கரண்ட் வந்ததும் தலை சரியான இடத்துக்கு வந்து, கழன்று நிற்கும் பொருளை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். காலையில் எழுந்து பார்த்தால் தட்டில் நூடுல்ஸ். மூடிய பெட்டி தட்டின் சூட்டைச் சற்று நீண்ட நேரம் பிடித்து வைக்கும் என்பது இங்கே அதற்கொரு உண்மையான நன்மை.

ஆனால் அதற்காகப் பெட்டி வாங்குவதைவிட யுபிஎஸ் வாங்குவது சரி. கணக்கைப் பாருங்கள். 220 மில்லிமீற்றர் தட்டுள்ள திறந்த இயந்திரம் பிஎல்ஏ அடிக்கும்போது சராசரியாக 100 வாட் எடுக்கும். கணினிக்கான சாதாரண யுபிஎஸ்ஸில் ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. மாற்றும் வழியில் இழப்பதையும் பற்றரி முழுதாகத் தராததையும் கழித்தால் பாதிதான் கைக்கு வரும். ஏறத்தாழ 25 நிமிடம். சிறு வெட்டுகளுக்கு இது தாராளம். 2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டினார்களே, அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் நிற்காது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சராசரி 100 என்றாலும், தட்டைச் சூடேற்றும் தொடக்க நிமிடங்களில் 300 வாட்டைத் தாண்டும். ஆகவே 600 வாட் தாங்கும் யுபிஎஸ்ஸாகப் பாருங்கள். விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாட் எண் சிறிதாகப் பின்னால் இருக்கும். மூடிய இயந்திரங்களில் சில இன்னும் கூடுதலாக இழுக்கும், அவற்றுக்கு யுபிஎஸ்ஸும் பெரிதாக வேண்டும்.

மாரியில் பிலமென்ட் நனைந்துவிடும் என்கிறார்கள். மூடிய மிசினுக்குள் இருந்தால் பாதுகாப்பா?

இல்லை. பல மூடிய இயந்திரங்களில் சுருள் பெட்டிக்கு வெளியே, முதுகில்தான் தொங்குகிறது. உள்ளே இருந்தாலும் அந்தப் பெட்டி காற்றுப் புகாததல்ல. ஐப்பசி முதல் தை வரை ஈரக்காற்று எங்கும் நுழையும். ஈரம் பிடித்ததைக் காதால் அறியலாம். நொசிலிலிருந்து கடுகு தாளிப்பது போல மெல்லிய வெடிப்புச் சத்தம் வரும். பொருளில் சிலந்தி வலை போல இழைகள் தொங்கும்.

ரப்பர் விளிம்புள்ள அரிசி வாளி ஒன்றில் சிலிக்கா மணிகளோடு போட்டு மூடுங்கள். நனைந்துவிட்டால் உலர்த்த வேண்டும். பிஎல்ஏக்கு 45 முதல் 50 பாகை, பெட்ஜிக்கு 65, ஆறு மணி நேரம். வெயிலில் காய வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு முறை தகரத்தின் மேல் வைத்தேன். வெளிச்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருள் முழுக்க வீணாகிவிட்டது. பிரிண்டரின் தட்டிலேயே சுருளைப் படுக்க வைத்து, அதன்மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, பாதி நேரத்தில் புரட்டிப் போடலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மூடிய இயந்திரம் நன்றாகச் செய்யும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருக்கிற காசை எப்படிப் பிரிப்பது?

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். மொத்தத்தைப் பத்தாகப் பிரியுங்கள். இயந்திரத்துக்கு ஆறு, யுபிஎஸ்ஸுக்கு ஒன்றரை, பிலமென்ட்டுக்கு ஒன்றரை, மிச்சம் ஒன்று உதிரிப்பாகங்களுக்கும் கருவிகளுக்கும். முழுப் பத்தையும் மூடிய இயந்திரத்தில் போட்டுவிட்டு, ஒரே ஒரு சுருளோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ சுருளில் 330 மீற்றர் அளவில் பிலமென்ட் இருக்கும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், பழகும் முதல் மாதத்தில் பாதி குப்பைக்குத்தான் போகும்.

உதிரிப்பாகங்களில் 0.4 மில்லிமீற்றர் பித்தளை நொசில் மூன்று, வெப்ப உணரி ஒன்று, சிலிக்கன் உறை ஒன்று. கொழும்பிலிருந்து பொதி வந்து சேரும் வரை இயந்திரம் சும்மா கிடக்கக்கூடாது. ஆர்டர் கொடுக்கும் முன் அந்த நொசில் பலரிடம் கிடைக்கும் பொது வகையா, அந்த நிறுவனம் மட்டும் விற்பதா என்று கேளுங்கள். முடுக்கியும் கழற்றியும் மாற்றும் பொது வகை, வன்னியில் இருப்பவனுக்கு வேகத்தைவிடப் பெரிய வசதி.

பெயர் சொல்லுங்கள். எதைப் பார்ப்பது?

திறந்தவற்றில் இரண்டு மாதிரிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கிரியாலிட்டி எண்டர் 3 வி3 எஸ்இ, 220க்கு 220 மில்லிமீற்றர் தட்டு, 250 உயரம். பம்பு லேப் ஏ1 மினி, எல்லாப் பக்கமும் 180. இரண்டும் 2023இல் வந்தவை, இரண்டும் தட்டின் மட்டத்தைத் தாமே அளந்துகொள்ளும், இரண்டிலும் பிலமென்ட்டைத் தள்ளும் மோட்டார் தலையிலேயே இருக்கிறது. வேறு எதை வாங்கினாலும் இந்த இரண்டு வசதிகளும் இல்லாததை இன்று வாங்காதீர்கள். கைபிடி, கொக்கி, தாங்கி, மூடி என்று அடிப்பவருக்கு 180 போதும்.

மூடியவற்றில் 2025இல் வந்த எலிகூ சென்டாரி கார்பன் கணக்கை மாற்றியது. அறிமுக விலை 299 டொலர், எல்லாப் பக்கமும் 256 மில்லிமீற்றர், மேல்மூடியைக் கழற்றி வைக்கலாம். அதற்கு முன் மூடியது என்றால் திறந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் டொலர் விலை நம் வாசல் விலையல்ல. அது 17 கிலோவுக்கு மேல் நிறை, கண்ணாடி மூடியோடு வருகிறது. ஏ1 மினி ஆறு கிலோவும் இல்லை. கப்பல் கூலியும் வரியும் சேர்ந்தபின் இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யுபிஎஸ்ஸுக்கும் பிலமென்ட்டுக்கும் ஒதுக்கியதைத் தொடாமல் மூடியது கைக்கு எட்டுகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், பிஎல்ஏக்கு மட்டும் மூடியைக் கழற்றி வையுங்கள். எட்டவில்லை என்றால் கவலைப்படவும் வேண்டாம்.

பெட்டி பிரித்ததும் கரண்ட் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. பல இயந்திரங்களின் மின்வழங்கிப் பக்கவாட்டில் ஒரு சிறு சிவப்பு ஆளி, 115 அல்லது 230 என்று காட்டும். நம் நாட்டுக்கு 230. 115இல் இருக்க நம் சுவரில் செருகினால் ஒரு சத்தம் கேட்கும், அதோடு முடிந்தது. திருகாணித் திருப்பியின் நுனியால் தள்ளிவிட்டுப் பிறகு செருகுங்கள்.

பாடசாலைக்கு ஒன்று வாங்க யோசிக்கிறோம். அங்கேயும் திறந்ததுதானா?

இல்லை, அங்கே மூடியது. 200 பாகைக்கு மேல் சூடான நொசிலும் முன்னும் பின்னும் பாயும் தட்டும் இருக்கும் இடத்தில் முப்பது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடிக் கதவு அவர்களுடைய விரலுக்காக. மேல்மூடியை மட்டும் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தி, பிஎல்ஏ மட்டும் அடியுங்கள். ஏபிஎஸ் ஸ்டைரீன் ஆவியை விடும், வகுப்பறைக்கு அது வேண்டாம். பெட்டி இருப்பதால் ஆவி வெளியே வராது என்று நினைப்பது தவறு. கரி வடிகட்டி இருந்தாலும் மணம் குறையுமே தவிர முழுதாக நிற்காது, யன்னல் திறந்திருக்க வேண்டும்.

திறந்ததை வாங்கிவிட்டேன். இப்போது ஏபிஎஸ் வேலை ஒன்று வந்திருக்கிறது. அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தால் போதுமா?

அட்டையைக் கவிழ்த்து அடிப்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். நொசில் 250, தட்டு 100, சுற்றிலும் கடதாசி, அதுவும் பல மணி நேரம். தீப்பிடிக்காத துணியில் தைத்த கூடாரங்கள் பிரிண்டருக்கென்றே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். எதைக் கவிழ்த்தாலும் மின்வழங்கி வெளியே இருக்க வேண்டும். அடியிலேயே பொருத்தி வரும் மாதிரிகளில் அதை வெளியே எடுப்பது புதியவர் செய்யும் வேலையல்ல. அப்படியானால் அந்த ஒரு பாகத்தை மூடிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தோடு அடிக்கிறீர்கள் என்றால் இங்கே நம் வெக்கை கைகொடுக்கும். 34 பாகையில் தொடங்கும் கூடாரம் அரை மணி நேரத்தில் ஏபிஎஸ்ஸுக்குத் தேவையான சூட்டுக்கு வந்துவிடும். தட்டை முன்கூட்டியே சூடேற்றிவிட்டுப் பிறகு தொடங்குங்கள், பொருளின் அடியைச் சுற்றி ஒரு அகலமான விளிம்பு போடுங்கள், பொருளை ஆற்றும் விசிறியை நிறுத்துங்கள். முடிந்ததும் கூடாரத்தை உடனே திறக்காதீர்கள். ஒரு முறை அவசரப்பட்டுத் திறந்தேன். கண்முன்னே ஒரு "டிக்" சத்தத்தோடு மேல் மூன்றிலொரு பங்கு பிளந்தது.

பழையது ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

மூன்றைச் சோதித்துவிட்டு எடுங்கள். தலையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பிலமென்ட் போகும் வெள்ளை டெஃப்லான் குழாய் நொசில் வரை நேரே இறங்குகிறதா என்று கேளுங்கள். இறங்கினால் 240 பாகைக்கு மேல் போகமுடியாது, ஏபிஎஸ்ஸை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது, வெப்பப் பாதுகாப்பு. 2018 அளவில் வந்த மலிவான இயந்திரங்கள் சிலவற்றில் அது இயக்கப்படாமலே வந்தது. நொசிலை 200க்கு ஏற்றிவிட்டு, ஒரு விசிறியை நேரே அதற்கு ஊதிப் பாருங்கள். நல்ல இயந்திரம் சூட்டைத் தக்க வைக்கும், அல்லது பிழை காட்டி நிற்கும். வெப்பம் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்க, ஒன்றும் நடக்காதது போல அது சூடேற்றிக்கொண்டே இருந்தால், புதிய மென்பொருள் ஏற்றத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.